மூன்று பிள்ளைகள் எழுதிய சீட்டு

வயதான பெற்றோரை யார் காப்பாற்றுவது? மூத்தவனா, இளையவனா, கட்டிக்கொடுத்த மகளா?

காஞ்சீபுரத்தை அடுத்த மாகறலில் தறி போடும் ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மூத்தவர் பெற்றோருடன் இருந்து பட்டு நெய்கிறார். இளையவருக்கு ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை. மகளைச் செய்யாறில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

பெற்றோருக்கு மாதம் சாப்பாட்டுக்கு ரூ.5,000, வைத்தியத்துக்கு ரூ.2,500, மற்றவைக்கு ரூ.1,500 ஆகிறது. ஆக மொத்தம் ரூ.9,000.

சமபங்கு நியாயமா?

ஆளுக்கு ரூ.3,000 என்று பிரித்தால் கணக்கு சரியாக இருக்கும். ஆனால் இரவில் எழுந்து மாமியாருக்குத் தண்ணீர் கொடுக்கும் மூத்த மருமகளின் உழைப்புக்குக் கணக்கு ஏது? சண்டை தொடங்கும் இடம் இதுதான்.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளலாம். இளையவர் ரூ.5,000 கொடுக்கவேண்டும். மூத்தவரும் மகளும் ஆளுக்கு ரூ.2,000 போடவேண்டும். மாதத்தில் 7 நாள் பெற்றோர் மகள் வீட்டில் தங்கவேண்டும். அந்த 7 நாளும் மருமகளுக்கு ஓய்வு. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது இளையவர் பொறுப்பு. பணம் 5-ந் தேதிக்குள் தாயார் கைக்கு வரவேண்டும். செலவை ஒரு நோட்டில் எழுதவேண்டும்.

தை மாதமும் ஆடி மாதமும் மூவரும் கூடிக் கணக்குப் பார்க்கவேண்டும். தறி நின்றுபோனாலும், ஒருவருக்கு வேலை போனாலும், பெற்றோர் படுக்கையில் விழுந்தாலும் ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. உடனே கூடிப் பங்கை மாற்றவேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

இந்தச் சீட்டு பிள்ளைகளுக்குள் செய்துகொண்ட ஏற்பாடுதான். பெற்றோரின் உரிமையை அது குறைக்காது. "என் பங்கைக் கொடுத்துவிட்டேன், மீதியைத் தம்பியிடம் கேளுங்கள்" என்று சொல்லி ஒருவர் ஒதுங்கிவிட முடியாது.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதன்படி மகனுக்கு உள்ள கடமை மகளுக்கும் உண்டு. சோறு, துணி, இருப்பிடம், வைத்தியம் எல்லாம் பராமரிப்பில் அடங்கும். கவனிக்கப்படாத பெற்றோர் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையில் உள்ள தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். ஒரு பிள்ளை மீது மட்டும் மனு கொடுத்தாலும், அவர் மற்றப் பிள்ளைகளையும் வழக்கில் சேர்க்கும்படி கேட்கலாம்.

தீர்ப்பாயம் மனுவை முதலில் சமரச அதிகாரியிடம் அனுப்பலாம். அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்டால், அந்த ஏற்பாட்டையே தீர்ப்பாயம் உத்தரவாகப் போட்டுவிடும். வீட்டுச் சீட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. உத்தரவை மீறிப் பணம் கொடுக்காதவருக்கு ஒரு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. நிலைமை மாறினால் தொகையை மாற்றும்படி கேட்கவும் வழி இருக்கிறது.

முதல் அடையாளம்

ஏற்பாடு உடைவதற்கு முன்பே நோட்டு அதைக் காட்டிவிடும். பணம் 5-ந் தேதி போய் 15-ந் தேதி வரும். மகள் வீட்டில் தங்கும் 7 நாள் 3 நாளாகும். மருந்துச் செலவு குறையும். நோய் குறைந்ததால் அல்ல. தாயார் கேட்கக் கூசி மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவதால்.

அந்த வரியைப் பார்த்த அன்றே மூவரும் கூடவேண்டும். தை பிறக்கட்டும் என்று இருக்கக் கூடாது.