செல்லின் எண்ணைக் காட்டி வண்டி ஓட்டாதீர்கள்

மின்வாகனம் குறித்த ஆய்வேடுகளில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. முதல் இயலில் தனி மின்கலத்தின் ஆற்றல் அடர்த்தி தரப்படும்; கடைசி இயலில் அதே எண்ணை முழு பேட்டரியின் எடையால் பெருக்கி, வண்டி இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று எழுதப்படும். இடையில் பெட்டி இல்லை, குளிர்விப்பு இல்லை, ஒரு கம்பிகூட இல்லை. வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டால், "அது பொறியியல் விவரம்" என்ற விடை வருகிறது. விவரமன்று, ஏறத்தாழப் பாதி எடை அதுவே. அதை விட்டுவிட்டு எழுதப்படும் கிலோமீட்டர் கணக்கை ஆய்வு முடிவென்று ஏற்க என்னால் இயலாது.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். நம் மாதிரியாக்கக் கட்டுரைகள் பலவற்றில் வரும் எல்ஜி எம்50 செல்லை எடுத்துக்கொள்கிறேன். 21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் உயரம், சுமார் 68 கிராம் எடை, சுமார் 18 வாட்-மணி ஆற்றல். அதாவது கிலோவுக்கு 265 வாட்-மணி. மூன்று சக்கர வண்டிக்கென 16 செல்களை இணையாகவும், அத்தகைய 14 கூட்டங்களைத் தொடராகவும் இணைத்தால் 224 செல்கள்; ஆற்றல் நான்கு கிலோவாட்-மணிக்குச் சற்று மேல்; செல்களின் எடை மட்டும் 15 கிலோ.

இனி இதை வண்டியில் ஏற்றும் பொருளாக்க வேண்டும். செல்களைத் தொட்டுக்கொண்டு அடுக்கிவிட முடியாது. ஒன்று கட்டுமீறிச் சூடேறினால் அதன் வெப்பம் அண்டைச் செல்லைப் பற்றாதிருக்க இடைவெளி வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் விட்டால், அறுகோண அடுக்கில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஆறு கன சென்டிமீட்டருக்கு மேல் வெற்றிடம் பிறக்கிறது. 224 செல்களுக்கு அது கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். அதைப் பிசினால் நிரப்பினால் இரண்டு கிலோ. செல்களை நிறுத்தும் நெகிழித் தாங்கிகளும், மின்னோட்டத்தைச் சேகரிக்கும் நிக்கல் பட்டைகளும் செப்புப் பஸ்பார்களும் ஏறத்தாழ இன்னும் இரண்டு கிலோ. மேலாண்மைச் சுற்று, உருகி, வெப்ப உணரிகள், கம்பிக்கட்டு, இணைப்பிகள் ஆகியவை ஒன்றேகால் கிலோ. நீர் புகாத மூடியும் வெப்பத்தை வெளியேற்றும் விளிம்புகளும் கொண்ட அலுமினியப் பெட்டி ஐந்து கிலோ. வண்டிச் சட்டத்தில் பொருத்தும் தாங்கிகள் ஒரு கிலோ. இவை என் வடிவமைப்புக் கணக்கின் எடைகள். இன்னொருவர் ஒரு கிலோவைக் குறைக்கலாம், கூட்டலாம். மொத்தம் ஏறத்தாழ 26 முதல் 27 கிலோ. கிலோவுக்கு 265 என்றிருந்தது இப்போது 153 ஆகிவிட்டது. செல் நீடித்து உழைக்க மேலும் கீழும் சற்று விட்டுவைத்து, கொள்ளளவில் பத்தில் ஒன்பதை மட்டும் பயன்படுத்தினால் 140க்கும் கீழே.

இதைக் கேட்டதும் சிலர், "சரி, 0.6 என்ற எண்ணால் பெருக்கிவிடுகிறோம்" என்பார்கள். அதுவும் தவறு. பெட்டியின் எடை பரப்பைப் பொறுத்தது, ஆற்றலோ கன அளவைப் பொறுத்தது. ஆகவே சிறிய தொகுப்பு விகித அளவில் அதிகமாக இழக்கும். 4416 செல்களைக் கொண்ட டெஸ்லா மாடல் 3 காரின் தொகுப்பு ஏறத்தாழ 480 கிலோ. அதில் செல்களின் பங்கு மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது. திரவக் குளிர்விப்புக் குழாய்களைச் சுமந்தும் அந்த விகிதம் கிடைக்கக் காரணம் அதன் பெருவடிவே. காரின் விகிதத்தை ஸ்கூட்டருக்குக் கடன் வாங்க முடியாது.

நான் தங்கியிருக்கும் லேக் கார்டன்ஸிலிருந்து தெற்கே நகர எல்லையை நோக்கிப் போகப் போக டோட்டோக்கள் பெருகும். அவற்றில் பலவும் நான்கு ஈய-அமில பேட்டரிகளில் ஓடுபவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 கிலோ; நான்கும் சேர்ந்து ஐந்து கிலோவாட்-மணிக்குச் சற்றுக் குறைவு. கிலோவுக்கு 40 வாட்-மணி என்பது எளிய எண்தான், ஆனால் நேர்மையான எண்: அந்த பேட்டரிக்குத் தன் நெகிழி உறையே பெட்டி, குளிர்விப்பு காற்று, மேலாண்மைச் சுற்று கிடையாது. செல்லுக்கும் தொகுப்புக்கும் இடையே அங்கு இழப்பு மிகச் சிறிது. அந்த 40ஐயும் லித்தியம் செல்லின் 265ஐயும் அருகருகே வைத்து ஆறரை மடங்கு முன்னேற்றம் என்று பட்டை வரைபடம் போடுகிறோமே, அங்கேதான் ஏமாற்று நடக்கிறது. ஒருபுறம் வண்டியில் ஏறிய பொருள்; மறுபுறம் மேசைமேல் கிடக்கும் உருளை. அதே ஆற்றலுக்கு 18 கிலோ போதும் என்று வரைபடம் சொல்லும். தராசு 31 கிலோ என்னும். ஈயத்தை விட அதுவும் பெரும் இலாபமே. பிறகு பொய் எதற்கு?

பெட்டியும் இடைவெளியும் வெறும் சுமை, அவற்றை ஒழிப்பதே முன்னேற்றம் என்ற வாதத்தையும் மறுக்க வேண்டியிருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி ஒரு தந்தையும் மகளும் இறந்தனர். அவ்வாண்டு நாட்டின் பல ஊர்களில் நிகழ்ந்த தீ விபத்துகளுக்குப் பின், ஏஐஎஸ்-156 தரவிதியைச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கடுமையாக்கியது. திருத்தங்கள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. செல்களுக்கிடையே போதிய இடைவெளி, அழுத்தம் வெளியேறும் வழி, கூடுதல் வெப்ப உணரிகள், நீர் புகாமை என அவை கேட்டவற்றில் பெரும்பாலானவை எடையைக் கூட்டுபவை. ஐப்பசி வரை முழங்கால் நீரில் வண்டி இறங்கும் ஊரில், சித்திரையில் 40 பாகையைத் தொடும் ஊரில், அந்த எடையைக் குறைத்துக் காட்டுபவர் எதைக் கழித்தார் என்று சொல்ல வேண்டும்.

குறைக்க வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2020இல் பிஒய்டி அறிவித்த பிளேடு பேட்டரியில் நீண்ட தட்டையான செல்லே உத்திரமாகி, இடைக்கட்ட மாட்யூல்கள் நீங்கின. அதன் எல்எஃப்பி செல் கிலோவுக்கு சுமார் 165 வாட்-மணிதான். தொகுப்போ 140ஐ ஒட்டி நிற்கிறது. செல் மட்டத்தில் நிக்கல் வேதியியலிடம் ஒன்றரை மடங்குக்கு மேல் தோற்ற பொருள், தொகுப்பு மட்டத்தில் ஏறத்தாழ அருகில் வந்துவிடுகிறது. பாஸ்பேட்டில் ஆக்சிசன் இறுகப் பிணைந்திருப்பதால் வெப்பச் சீற்றம் தணிவு. தடுப்புகளும் குறைவாகவே தேவை. எந்த வேதியியல் மேல் என்ற தரவரிசையே இப்படி மாறக்கூடும் என்றால், செல் எண்ணை மட்டும் வைத்து எழுதிய நம் ஒப்பீட்டு இயல்களின் கதி என்ன? (இதற்கு ஒரு விலையும் உண்டு: பசையிட்டு ஒன்றாக்கிய தொகுப்பில் ஒரு செல் கெட்டால் தெருமுனைப் பட்டறை அதைத் திறக்க முடியாது.)

"நாங்கள் பொருளறிவியலர், செல்லோடு நிற்பதே எங்கள் வரம்பு" என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அங்கேயே நில்லுங்கள். நாணயச் செல்லில் நேர்மின்முனைப் பொருளின் எடையை மட்டும் வகுத்துக் கிடைத்த எண்ணுக்கு அடுத்த வரியிலேயே கிலோமீட்டர் எழுதும்போதுதான் வரம்பு மீறப்படுகிறது.

ஆகவே நெறியாளர்களிடமும் மதிப்பீட்டாளர்களிடமும் என் கோரிக்கை இது: வண்டியின் தூரத்தைப் பேசும் எந்த ஆய்வேடும் செல், பெட்டி, குளிர்விப்பு, இணைப்பு, மின்னணுவியல் என்ற எடை அட்டவணை ஒன்றைத் தரட்டும். ஒவ்வோர் ஆற்றல் அடர்த்திக்கும் அருகில் அது எந்த மட்டத்தின் எண் என்றும், எந்த வெப்பநிலையில் எவ்வளவு வேகமாக மின்னிறக்கி அளந்தது என்றும் எழுதப்படட்டும். அட்டவணை இல்லாத இயலைத் திருப்பி அனுப்புங்கள்; என்னுடையது வந்தாலும் அவ்வாறே செய்யுங்கள்.