அந்த ஒரு ஃபீட்பேக் இன்னும் வரலை

நம்ம வயசுக்காரர்களில் பாதிப்பேர் இப்போ மேஜையின் அந்தப் பக்கம் போயாச்சு. அப்பா அம்மா வேலை தேடி வந்த ஊரில் நாம ஆள் எடுக்கிறோம். இன்டர்வியூ முடிஞ்ச அன்றைக்கே நாம எழுத வேண்டிய ஒரு சின்ன படிவம் இருக்கு. கேண்டிடேட் எப்படி செய்தார், எடுக்கலாமா வேண்டாமா என்று சொல்லும் ஃபீட்பேக். அதை எழுதச் சொல்லி ரெக்ரூட்டர் அனுப்பும் நினைவூட்டல்தான் இந்த முறை விஷயம். அதிகமாகப் படிக்காமல் தள்ளப்படும் மெயில் என்று போட்டி வைத்தால், பள்ளிக்கூட பிடிஏ மெயிலுக்கு அடுத்த இடம் இதுக்குத்தான்.

இந்த வருஷம் எங்கள் டீமில் ஒரு சீனியர் இன்ஜினியர் இடம் காலி. மேனேஜர் தமிழ்ப் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவங்க. எனக்கு ஆபீஸிலும் அக்காதான். ரெண்டு குழந்தைகள், மூணு டீம், காலையிலிருந்து மாலை வரை மீட்டிங். ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பெண்ணுக்கு நாலு சுற்று இன்டர்வியூ நடந்தது. நான் ஒரு சுற்று, அக்கா ஒரு சுற்று, மற்ற ரெண்டும் வேறு ரெண்டு பேர். புதன்கிழமை மாலைக்குள் மூணு ஃபீட்பேக் உள்ளே போயிடுச்சு. அக்காவுடையது மட்டும் பாக்கி.

அக்காவிடம் காரணம் இருந்தது. "வெள்ளிக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து பேசத்தானே போறோம், அப்ப சொல்லிடுறேன்டா" என்றார். இது எல்லா மேனேஜரும் சொல்வது, கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் டீப்ரீஃப் என்கிற அந்தக் கூட்டத்தில் மேனேஜர் முதலில் வாய் திறந்தால் மற்ற மூணு பேரும் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அதனால்தான் ஒவ்வொருவரும் தனித்தனியாக முன்கூட்டியே எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பல கம்பெனிகளில் நம்முடையதை எழுதி முடிக்கும்வரை மற்றவர்கள் எழுதியதைத் திறக்கவே முடியாது. எங்கள் ரெக்ரூட்டரும் நாலும் வராமல் டீப்ரீஃப் வைக்க மாட்டான்.

சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. தெளிவான 'எஸ்'ஸை எழுத அஞ்சு நிமிஷம் போதும், தெளிவான 'நோ'வும் அப்படித்தான். நடுவில் நிற்கும் ஆளுக்குத்தான் கை ஓடாது. அந்தப் பெண் அக்காவுக்கு அப்படி ஒரு நடு ஆள்.

முதல் நினைவூட்டல் புதன்கிழமை மெஷின் அனுப்பியது. ஒரு ஃபீட்பேக் நிலுவையில் உள்ளது, இங்கே கிளிக் செய்க. யாருக்கு, எதுக்கு, எப்போதுக்குள் என்று எதுவும் இல்லை. தினமும் வரும் நாப்பது தானியங்கி மெயிலோடு அதுவும் போச்சு. ரெண்டாவது, வியாழன் காலை குரூப் சேட்டில் ரெக்ரூட்டர் போட்டது: "எல்லாரும் தயவுசெய்து ஃபீட்பேக் கொடுத்துடுங்க." ஏற்கெனவே கொடுத்த மூணு பேரும் தங்களுடையது பதிவாகலையோ என்று போய்ப் பார்த்தோம். கொடுக்காத ஒருவர் அதை நமக்கில்லை என்று எடுத்துக்கொண்டார். எல்லாருக்கும் என்று போனால் அது யாருக்கும் போவதில்லை, கல்யாண வீட்டில் "யாராவது போய் ஐஸ் வாங்கிட்டு வாங்கப்பா" மாதிரி.

மூணாவது, அன்றைக்கு மதியம் அக்காவுக்கு மட்டும் தனியாக வந்தது. அக்கா எனக்குக் காட்டினார், "பையன் விவரமாத்தான் இருக்கான்" என்று. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"செவ்வாய்க்கிழமை வந்த கேண்டிடேட்டுக்கு மூணு ஃபீட்பேக் வந்துவிட்டது, உங்களுடையது மட்டும் பாக்கி. அது வந்தால்தான் நாளை 11 மணிக்கு டீப்ரீஃப் வைக்க முடியும். நாளை விட்டால் எல்லாரும் சேர்ந்து கிடைப்பது அடுத்த செவ்வாய்தான். நாளை மாலை 5 மணிக்குள் முடிவு சொல்வதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். நேரமில்லை என்றால் மூன்று வரி போதும்: என்ன கேட்டீர்கள், அவர் என்ன செய்தார், எடுக்கலாமா வேண்டாமா. 'நோ' என்றாலும் பரவாயில்லை, அதை அவரிடம் சொல்வது என் வேலை. இன்று 4 மணிக்கு உங்களுக்கு 15 நிமிஷம் காலியாக இருந்தது, அதைப் பிடித்து வைத்திருக்கிறேன். லிங்க் அதற்குள் இருக்கிறது."

4:20-க்கு ஃபீட்பேக் உள்ளே இருந்தது. நான் கவனித்தவரை வேலை செய்தது கெஞ்சலோ அவசரமோ இல்லை. எது நிற்கிறது, இன்று விட்டால் அடுத்து எப்போது என்று ரெண்டையும் அவன் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். படிவத்தையும் மூணு வரியாகச் சுருக்கிவிட்டான். நடு ஆளைப் பற்றி முழுப் பக்கம் எழுத நினைத்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும்.

சீக்கிரம் எழுதுவதில் இன்னொரு லாபமும் இருக்கு. அக்கா கேட்டது டிக்கெட் புக்கிங் பற்றிய கேள்வி: ஒரே சீட்டை ரெண்டு பேர் ஒரே நொடியில் அழுத்தினால் என்ன செய்வாய்? ரெண்டு நாளில் எழுதியதால் அவர் ஃபீட்பேக்கில் இப்படி இருந்தது: முதலில் சொன்ன தீர்வில் ரெண்டு பேருக்கும் சீட்டு போயிருக்கும். நான் சொல்லாமலே அதைக் கண்டுபிடித்து, பணம் கட்டும்வரை சீட்டைப் பத்து நிமிஷம் பூட்டி வைக்கலாம் என்றார். பணம் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் குறிப்பு தேவைப்பட்டது. இதே ஃபீட்பேக்கை ஒரு வாரம் கழித்து எழுதினால் "டிசைன் பரவாயில்லை, சீனியர் லெவலா என்று சந்தேகம்" என்றுதான் வரும். முதல் குறிப்பை வைத்து நாலு பேர் வாதாடலாம். ரெண்டாவதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, அதனால் சந்தேகம் மட்டும் மிஞ்சி 'நோ' ஆகிவிடும். தாமதமாக எழுதப்பட்ட ஃபீட்பேக்கை இப்படித்தான் அடையாளம் காணலாம்: கேண்டிடேட் செய்த ஒரு காரியம்கூட அதில் இருக்காது, பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்தும்.

டீப்ரீஃப் வெள்ளிக்கிழமை நடந்தது. அக்கா எழுதியதை வைத்துத்தான் அரை மணி நேரம் பேசினோம், எடுக்கலாம் என்று முடிவாச்சு. அந்தப் பெண் சேர்ந்து சில மாதம் கழித்து ஒரு நாள் லஞ்சில் சொல்லித்தான் மீதிக் கதை எங்களுக்குத் தெரியும்.

அவர் எச்-1பி விசாவில் இருந்தவர். முந்தைய கம்பெனியில் ஆள் குறைத்தபோது வேலை போயிருக்கிறது. அமெரிக்க விதிப்படி வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம், ஐ-94 தேதி அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அந்த 60 நாளில் ஆஃபர் வந்தால் மட்டும் போதாது. புது கம்பெனியின் மனு குடியேற்றத் துறையிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மனுவுக்கு முன்னால் தொழிலாளர் துறையிடம் எல்சிஏ என்கிற சான்று வாங்க வேண்டும், அதற்கு 7 வேலை நாள். பணம் கட்டி அவசரப்படுத்தும் வசதி மனுவுக்கு உண்டு, இதுக்குக் கிடையாது.

அவர் எங்களிடம் இன்டர்வியூவுக்கு வந்த செவ்வாய் அவருடைய 33-வது நாள். வெள்ளி டீப்ரீஃப், 36. சம்பள அனுமதியெல்லாம் முடிந்து ஆஃபர் கையில் வந்தது அடுத்த புதன், 41. வியாழன் சம்மதம் சொன்னார். வக்கீல் காகிதங்களைச் சேர்த்து எல்சிஏ போட்டது 47-வது நாள், செவ்வாய். ஏழு வேலை நாள் கழித்து, வியாழன் 56-ல் சான்று வந்தது. அன்று இரவே கூரியர், வெள்ளி 57-ல் மனு போய்ச் சேர்ந்தது. 60-வது நாள் திங்கள்.

இப்போ டீப்ரீஃபை அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிப் பாருங்கள். இழப்பது ரெண்டே ரெண்டு வேலை நாள். ஆஃபர் வெள்ளி 43, சம்மதம் திங்கள் 46, எல்சிஏ போடுவது வியாழன் 49. சான்று வருவது 60-வது நாள் திங்கள். கூரியர் போய்ச் சேர்வது செவ்வாய், 61. வேறு விசாவுக்கு மாற மனுப் போடுகிற மாதிரி வழிகள் உண்டுதான், ஆனால் இந்த வேலையில் அவர் நினைத்தபடி சேர்ந்திருக்க முடியாது.

ரெக்ரூட்டருக்கு இது தெரியும். அந்தப் பெண்ணே முதல் போன் காலிலேயே தேதியைச் சொல்லிவிட்டார். ஆனாலும் அக்காவுக்கு அனுப்பிய நினைவூட்டலில் விசாவைப் பற்றி ஒரு சொல் இல்லை, திரும்பப் படித்துப் பாருங்கள். இருக்கவும் கூடாது. மதிப்பிடும் ஆளின் காதில் குடியேற்ற விவரம் விழுந்தால், இரக்கப்பட்டு ஒருவர் மார்க் கூட்டுவார், தொல்லை என்று இன்னொருவர் குறைப்பார், பாகுபாடு என்று வழக்கு வரவும் இடம் உண்டு. அதனால் நல்ல ரெக்ரூட்டர் காரணத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு தேதியை மட்டும் முன்னால் தள்ளுவார். "5 மணிக்குள்" என்று வந்தால், பின்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

மறுபக்கம் அவன் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். வியாழன் காலை, சொல்ல எதுவுமே இல்லாதபோதும், அந்தப் பெண்ணுக்கு ரெண்டு வரி எழுதியிருக்கிறான்: இன்னும் ஒரு ஃபீட்பேக் வர வேண்டும், வெள்ளி 5 மணிக்கு எந்தப் பதிலாக இருந்தாலும் எழுதுகிறேன். யார் தாமதம் என்று சொல்லவில்லை. மௌனமாக விட்டிருந்தால் அவர் அதை 'நோ' என்று எடுத்துக்கொண்டு, கையில் இருந்த இன்னொரு சுமாரான ஆஃபரை ஒப்புக்கொண்டிருப்பார். அதை அவரே சொன்னார்.

உங்கள் வீட்டு கெஸ்ட் ரூமில் மச்சினரோ சித்தி மகளோ இந்த 60 நாள் கணக்கில் வேலை தேடிக்கொண்டிருந்தால், அவர்களிடம் இதை மட்டும் சொல்லுங்கள். "சீக்கிரம் சொன்னா நல்லாருக்கும்" என்று இழுக்காமல், ரெக்ரூட்டரிடம் தேதியாகச் சொல்ல வேண்டும், அதுவும் முதல் பேச்சிலேயே. எல்சிஏவுக்கு ஏழு வேலை நாளையும் வக்கீலுக்கு மூணு நாலு நாளையும் கழித்துவிட்டு, ஆஃபர் எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்று சொல்ல வேண்டும். இன்டர்வியூ எடுத்தவருக்கு நேரே எழுதி நச்சரிப்பது உதவாது.

தனி மெசேஜும் பலிக்காத மேனேஜர்கள் உண்டு. அவர்களுக்கு எங்கள் ரெக்ரூட்டர் போன் போட்டு, அவர்கள் சொல்லச் சொல்லத் தானே டைப் பண்ணி, "சரியா பார்த்து சப்மிட் பண்ணிடுங்க" என்று அனுப்பிவிடுவான். அதுவும் ரெண்டு தடவை தவறினால், பழைய ஃபீட்பேக் வரும்வரை அந்த டீமுக்குப் புது இன்டர்வியூ எதையும் காலண்டரில் போட மாட்டான். ஆள் வேணும் என்று ஓடி வருவார்கள், வந்த கையோடு எழுதிவிட்டும் போவார்கள்.

அதே வாரம் அதே இடத்துக்கு வந்த இன்னொரு பையனுக்கு 'நோ'. அவனுக்கும் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு முன்னாடியே போன் போயிடுச்சு.