முதல் நாளுக்கு முன் வந்த கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2026 ஜனவரியில் என் பேரன் தரம் 1இல் சேர்கிறான். வகுப்பாசிரியை முன்கூட்டியே ஒரு பக்கக் கடிதம் அனுப்பியிருந்தார்.

என் மூத்த பேத்தி சேர்ந்தபோது வேறொரு பாடசாலையிலிருந்து வந்த தாளில் சப்பாத்து நிறமும் தாமத விதிகளும்தான் இருந்தன. இந்தக் கடிதமோ கேள்வி கேட்டது. பிள்ளையை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்? மதியம் யார் கூட்டிப் போவார்? இழுப்பு, ஒவ்வாமை ஏதும் உண்டா? கீழ்ப் பாதியைக் கிழித்து, பதில் எழுதித் திருப்பித் தர வேண்டும்.

முதல் கேள்வி சிறியதல்ல. இடாப்பில் மூன்று சொல் கொண்ட பெயர்; வீட்டில் அவன் வெறும் 'தம்பி'. முழுப் பெயரை அழைத்தால் அது தானென்றே அவனுக்குத் தெரியாது. பதில் சொல்லாத பிள்ளையைக் கூச்சக்காரன் என்றோ, காது மந்தம் என்றோ வகுப்பாசிரியை நினைத்துவிடலாம். இப்போது இரண்டு பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டுப் பழக்குகிறோம்.

கடிதத்தில் ஒரு குறை உண்டு. பெப்ரவரி மூன்றாம் வாரமளவில் நோன்பு வரும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. சில கிழமையில் பழகிய பிள்ளை, பெருநாள் கழிந்து மறுபடியும் அழுதுகொண்டுதான் போகும். அந்த இரண்டாவது தொடக்கத்தைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

மகன் கட்டாரில். கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பதில் பாதியை அவன் சொல்லச் சொல்ல மருமகள் எழுதினாள்.

ஒரு மூத்தம்மா,
சாய்ந்தமருது.