ஓப்பாவை ஓப்பாவாகவே விடுங்கள்

அபிராமபுரத்து வீட்டுத் திரைகளிலும் கொரியத் தொடர் ஓடும் காலம் இது. அதில் உடன்பிறந்த அண்ணனைப் பெண் ‘ஓப்பா’ என்பாள், ஆண் ‘ஹ்யங்’ என்பான். அக்காவை ஆண் ‘நூனா’ என்பான், பெண் ‘உன்னி’ என்பாள். அழைப்பவர் ஆணா பெண்ணா என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நம் ‘அண்ணா’வில் அது இல்லை.

வயதில் மூத்த காதலனும் ஓப்பாதான். அங்கே ‘அண்ணா’ என்று வசனவரி போட்டால் காதலே முறிந்துவிடும். ‘அத்தான்’ போதாதா என்பார்கள். காதலனுக்கு ஓரளவு பொருந்தும், ஆனால் உடன்பிறந்தவனுக்குப் பொருந்தாது. நேற்றுவரை அண்ணன்போல் பழகியவனை அதே சொல்லால், குரல் மட்டும் மாறி நாயகி அழைக்கும் காட்சியை இரண்டு தமிழ்ச் சொற்கள் உடைத்துவிடும். வெறும் பெயரைப் போடுவதோ உறவையே அழித்துவிடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே 2021-இல் ஓப்பா, நூனா, உன்னி மூன்றையும் சேர்த்துக்கொண்டது.