முடிச்சை ஓடவிட்டுக் காட்டாதீங்க

எங்க வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல, கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. மதுரைல இருக்கிற என் அத்தை சுங்குடிச் சேலைக்கு முடிச்சு கட்டுறவங்க. வருஷா வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு ஒரு மூட்டை சேலையோட வந்து எங்க வீட்ல நாலு நாள் தங்கி வித்துட்டுப் போவாங்க. போன வருஷம் "டேய், நீதான் எஞ்சினியருக்குப் படிக்கிறியே, எனக்கு ஒரு ரீல் எடுத்துக் குடு" என்றார்கள். எஞ்சினியரிங்குக்கும் ரீலுக்கும் என்ன சம்பந்தம் என்று அத்தைகளிடம் கேட்க முடியாது.

நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட் இப்போது நினைத்தாலும் கூசுகிறது. சோகமான வயலின், அத்தையின் சுருங்கிய விரல்கள், டைம்லேப்ஸில் பறக்கும் கைகள், "அழிந்துவரும் கலையைக் காப்போம்" என்று கடைசியில் எழுத்து. பார்த்தவர்கள் எண்ணிக்கை நன்றாகத்தான் ஏறியது. அழுகிற எமோஜியும் கும்பிடும் எமோஜியும் குவிந்தன. "விலை?" என்று முப்பது பேர் கேட்டார்கள். 2,400 என்று பதில் போட்டதும் முப்பது பேரும் காணோம். ஒருத்தர் மட்டும், "கடைல 600-க்கு கிடைக்குது சிஸ்டர்" என்று போட்டுவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்தால் அவர் கேட்டது நியாயம்தான். என் ரீலில் 600 ரூபாய்ச் சேலைக்கும் 2,400 ரூபாய்ச் சேலைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நொடிகூடக் காட்டவில்லையே! அத்தை பாவம் என்று மட்டும்தான் காட்டியிருந்தேன்.

தேர் அன்று அத்தை விற்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். "ஏம்மா இவ்வளவு சொல்ற?" என்று யாராவது கேட்டால் அத்தை கதையே சொல்லவில்லை. மூட்டைக்குள்ளிருந்து சாயம் தோய்த்துக் காய்ந்த, இன்னும் முடிச்சு அவிழ்க்காத துணி ஒன்றை எடுப்பார்கள். இரண்டு ஓரத்தையும் பிடித்து வெடுக்கென்று ஒரு இழு. நூல் பிரிந்து தெறிக்கும். உள்ளே இருந்து வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் வரிசையாக வெளியே வரும். கேட்டவரின் பக்கத்தில் நின்றவர்களும் குனிந்து பார்ப்பார்கள். அப்புறம்தான் பேச்சே. எங்க அத்தையிடம் ஏற்கெனவே ஒரு நல்ல ஸ்கிரிப்ட் இருந்தது, நான்தான் அதைப் பார்க்காமல் யூடியூபில் தேடிக்கொண்டிருந்தேன்.

சுங்குடி என்றால் என்ன என்று சுருக்கமாக. நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து தங்கிய சௌராஷ்டிர மக்களின் தொழில். பருத்தித் துணியை நகத்தால் சின்னதாகக் கிள்ளி, கிள்ளிய இடத்தின் அடியில் நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்குவது. நூல் இருந்த இடத்தில் சாயம் ஏறாது. மதுரை சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் கடைகளில் சுங்குடி என்ற பெயரில் தொங்குவதில் பெரும்பகுதி மெழுகு அச்சு, இல்லை ஸ்கிரீன் பிரிண்ட். அச்சுச் சேலை மட்டமானது என்று சொல்லவில்லை, என் அம்மாவே வீட்டில் அதைத்தான் கட்டுகிறார். பெயரும் ஒன்றாக இருப்பதால்தான் விலையில் குழப்பம்.

அதனால் இரண்டாவது ஸ்கிரிப்டில் முதல் மூன்று நொடியும் அத்தையின் அந்த இழுப்புதான். பாட்டு வேண்டாம், நூல் பிரிகிற சத்தமே போதும். அடுத்து கேமராவைப் புள்ளிக்குப் பக்கத்தில் கொண்டுபோனோம். கட்டிய புள்ளி முழு வெள்ளையாக இருக்காது. கிள்ளிய நுனி நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் அதில் சாயம் ஏறியிருக்கும். அதாவது வெள்ளை வளையம், நடுவில் பொட்டு வைத்த மாதிரி சேலையின் நிறம். அச்சுக்காரர்களும் நடுவில் பொட்டு வைக்கலாம் இல்லையா? வைக்கிறார்கள். அதற்கு அத்தை சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடித்தது: கொஞ்சம் கோணலான ஒரு புள்ளியைத் தேடிக் கண்டுபிடி, அதே கோணல் அடுத்தடுத்து அதே இடைவெளியில் திரும்ப வந்தால் அது அச்சு. கையால் கட்டினால் ஒரு தப்பு இரண்டு தடவை ஒரே மாதிரி வராது. துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பது மட்டும் போதாது, மெழுகு அச்சையும் சாயத்தில் முக்குவதால் பின்பக்கமும் நிறம் ஏறியிருக்கும்.

அடுத்ததுதான் நான் சண்டை போட விரும்புகிற விஷயம். கைவினை ரீல் எடுக்கும் எல்லோரும் வேலை செய்யும் பகுதியை வேகமாக ஓடவிடுகிறார்கள். நாம் காசு கேட்பதே அந்த நேரத்துக்குத்தானே? அதையே சுருக்கிக் காட்டினால், பார்க்கிறவர் மனதில் "ரெண்டு நிமிஷ வேலை" என்றுதான் பதியும். நாங்கள் ஒரே ஒரு முடிச்சை, வெட்டாமல், வேகம் கூட்டாமல் முழுசாகக் காட்டினோம். கிள்ளி, சுற்றி, இறுக்கி, அடுத்ததுக்குப் போக பத்து நொடி. ரீலில் பத்து நொடி என்பது ஒரு யுகம், தெரியும். அந்த அலுப்பு வரட்டும் என்றுதான் விட்டேன்.

அதன்மேல் கணக்கு. சேலை நீளம் ஐந்தரை மீட்டர், அகலம் 1.15 மீட்டர். அத்தை ஒற்றை மடிப்பில், இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி கட்டுகிறார்கள். நீளவாக்கில் 220, அகலவாக்கில் 46, பெருக்கினால் 10,120 முடிச்சு. பத்து நொடி வீதம் 28 மணி நேரம். வீட்டு வேலைக்கு நடுவில் உட்கார்ந்து கட்டினால் இரண்டு வாரம் ஓடிவிடும். திரையில் "10,120 முடிச்சு, 28 மணி நேரம், ரூ. 2,400" என்று மட்டும் போட்டோம். விலை கேட்க டி.எம்-க்கு வரச் சொல்லும் பழக்கத்தை அன்றோடு விட்டாச்சு.

இன்னும் ஒரு படி போக ஆசைப்பட்டேன். துணிக்கு 550, சாயம் தோய்க்க 250, கூரியர், பெட்டி என்று 100. மீதி 1,500 ரூபாய். 28-ஆல் வகுத்தால் மணிக்கு 53 ரூபாய் சொச்சம். இதையும் போட்டால் எவனும் விலை அதிகம் என்று வாய் திறக்க மாட்டான் என்றேன். அத்தை ஒத்துக்கொள்ளவே இல்லை. "அதைப் போட்டா ஐயோ பாவம்னு வாங்குவாங்க. அப்படி வாங்குறவங்க ஒரு தடவைதான் வாங்குவாங்கடா." எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, அந்த 53 ஊருக்குத் தெரிய வேண்டிய எண்தான் என்று நினைக்கிறேன். ஆனால் விற்பது அவர்கள். எடுத்துவிட்டேன்.

கதைக்குக் கடைசியில் ஒரே வரி: "என் அம்மாவிடம் கற்றது, நாற்பது வருஷமாகக் கட்டுகிறேன்." கையால் செய்யாதது எது என்றும் அத்தையே சொன்னார்கள்: துணி வாங்கினது, சாயம் தோய்க்க வேறு ஆள், முடிச்சு மட்டும் என்னுடையது. இதைச் சொன்னால் மதிப்பு குறையும் என்று பயந்தேன். குறையவில்லை, கமெண்ட்டில் அதைத்தான் இரண்டு பேர் பாராட்டியிருந்தார்கள்.

முதல் ரீலைப் பார்த்ததில் பாதிப் பேர்கூட இதைப் பார்க்கவில்லை. மூன்று சேலை விற்றது. அதில் ஒன்று திரும்பி வந்தது: "புள்ளி நேர்கோட்டில் இல்லை, டேமேஜ் பீஸ்." அத்தை ஒன்றும் பேசாமல் பணத்தைத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் நாங்கள் ரீலின் கடைசி ஐந்து நொடியை மாற்றி எடுத்தோம். அதில் அத்தை ஒரு கோணல் வரிசையை விரலால் தொட்டுக் காட்டி, "இப்படித்தான் இருக்கும், நேரா வேணும்னா அச்சுல வாங்கிக்கோங்க. முதல் ரெண்டு மூணு தடவை தனியா அலசுங்க, சாயம் இறங்கும்" என்கிறார்கள். அந்தத் திரும்பி வந்த சேலையை இந்த ஆடிப்பூரத்துக்கு மூட்டையில் மேலாக வைத்து எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், கோணலைக் காட்டுவதற்கு.