விசில் சத்தம் கேட்டுதுங்களா?

தமிழில் எழுத ரொம்பக் கஷ்டமானது எது என்று கேட்டால் வெண்பா என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதை ஒரு வார்டு கூட்டத்தில், யாரும் கோபித்துக்கொள்ளாமல், எல்லோருக்கும் புரிகிற மாதிரி நாலு நிமிஷத்தில் சொல்வதுதான் கஷ்டம். வெண்பாவுக்காவது இலக்கணம் இருக்கிறது.

பெருமாநல்லூரில் என் சிநேகிதர் ஒருவர் வார்டு மெம்பராக இருந்தவர். திருப்பூர் மாவட்டத்தில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனாலும் தெருவில் அவர் இன்னும் மெம்பர்தான். ரிட்டையர் ஆன வாத்தியாரை 'முன்னாள் வாத்தியார்' என்றா கூப்பிடுகிறோம்?

"வார்டுக்காரங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, குப்பை எடுக்கிற புது நேரத்தைச் சொல்லோணுமுங்க. நீங்க எழுதற ஆளாச்சே, இதைக் கொஞ்சம் பாருங்கோ" என்று ஒரு பேப்பரை நீட்டினார்.

பார்த்தேன். 'திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவு உருவாக்குவோர் அனைவரும் தத்தம் இல்லங்களில் உருவாகும் கழிவுகளை மூலத்திலேயே வகைப்படுத்தி...' என்று ஒரே வாக்கியம் பதினோரு வரிக்குப் போய், 'தவறும் பட்சத்தில் அபராதம்' என்று மூச்சு வாங்கி நின்றது.

"கழிவு உருவாக்குவோர்னா யாருங்க?"

"வீட்ல இருக்கறவங்கதானுங்க."

"உங்க அம்மாவுக்கு எம்பது வயசு. அவங்களைப் போய் இப்படிக் கூப்பிடலாமுங்களா?"

சிரித்துவிட்டார். வண்டி வரும் நேரம் எங்கே என்று தேடினேன். கடைசி வரியில், அடைப்புக்குறிக்குள் இருந்தது: காலை 9 மணி முதல்.

பேச்சைத் திருத்துவதற்கு முன்னால் அந்த ஒன்பது மணியைத் திருத்த வேண்டும் என்று தோன்றியது. பனியன் ஊரில் ஒன்பது மணி என்றால் என்ன? எட்டரைக்குக் கம்பெனியில் பெல் அடித்தாகிவிட்டது. புருஷன் கட்டிங் டேபிளில், பெண்டாட்டி டெய்லர் மிஷினில். லைன் வீடுகளில் எட்டு மணிக்கே வரிசையாகப் பூட்டுத் தொங்கும். வண்டி யாரிடம் வாங்கும்? பூட்டிடமா? ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவர், நேற்றைய ரசம் சாதத்தை என்ன செய்வார்? கேரி பேகில் முடிச்சுப் போட்டு, இருட்டில் தெருமுனையில் வைத்துவிட்டு நடையைக் கட்டுவார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு வேறு வழி இல்லை.

ஆகவே பேப்பரைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட்டோம். அவர் வார்டில் இந்த வண்டிக்கு 150 வீடு. வீட்டுக்கு ஒரு நிமிஷம் என்றால் இரண்டரை மணி நேரம். ஒன்பதுக்குக் கிளம்பினால் பதினொன்றரை. ஆறுக்குக் கிளம்பினால் எட்டரை. விடை கணக்கிலேயே இருக்கிறது. ஆனால் ஆறுக்குக் கிளம்பினாலும் கடைசி முப்பது வீட்டுக்குப் போவதற்குள் எட்டு மணி ஆகிவிடும். அதனால் வண்டி தெரு வரிசையில் போகக் கூடாது. பூட்டு வரிசையில் போக வேண்டும். ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற லைன் வீடுகள் முதலில். பெரியவர்கள் வீட்டோடு இருக்கிற வீடுகள் அப்புறம். கடைகள் கடைசியில்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு நிமிஷம் என்பது, குப்பையை நீங்கள் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தால்தான். எல்லாவற்றையும் ஒரே பையில் அடைத்துக் கொடுத்து, வண்டிக்காரம்மா அதைக் கிழித்துப் பிரிப்பதென்றால் வீட்டுக்கு மூன்று நிமிஷம். 150 வீட்டுக்கு ஏழரை மணி நேரம். மத்தியானம் ஒன்றரைக்கு முடியும். குப்பையைப் பிரிப்பது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று கூட்டத்தில் சொன்னால் தலையாட்டுவார்கள். 'பிரிக்கலேன்னா உங்க வீட்டுக்கு வண்டி வர்றப்போ நீங்க கம்பெனியில இருப்பீங்க' என்று சொன்னால் பிரிப்பார்கள்.

இதையெல்லாம் நாமே முடிவு செய்துவிடக் கூடாது. முதலில் கேட்க வேண்டியது வண்டி தள்ளுகிறவரை. துப்புரவுத் தொழிலாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று 2020-ல் அரசு மாற்றியது. கிராமத்தில் தூய்மைக் காவலர். பேர் மாற்றியது சரி, அவரிடம் நேரத்தைக் கேட்டோமா? கேட்டோம். "ஆறு மணிக்கு வர்றேனுங்க. ஆனா மார்கழியில இருட்டா இருக்கும், நாய் தொரத்தும். லைட்டு எரியற தெருவுல இருந்து ஆரம்பிச்சுக்கிறேன்" என்றார் அந்த அக்கா. இது பேப்பரில் எங்கேயும் இல்லாத விஷயம்.

கடைசியில் தயாரான பேச்சு இதுதான். உங்கள் தெருவுக்கு வேண்டுமானால் நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள். காப்பிரைட் கிடையாது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. வேலை முடிஞ்சு களைச்சு வந்திருக்கீங்க. நாலு நிமிஷம்தான்.

திங்கக்கிழமையில இருந்து குப்பை வண்டி காலைல ஆறு மணிக்கு வருமுங்க. முதல்ல லைன் வீடுங்க. அப்புறம் மத்த வீடுங்க. எட்டரைக்குள்ள முடிஞ்சுரும். தெருமுனையில வந்ததும் ரெண்டு விசில். விசில் கேட்டா வாசல்ல கொண்டாந்து வெச்சுருங்க.

சோறு, காய்த் தோலு, முட்டை ஓடு, கறி எலும்பு, இதெல்லாம் தினமும் எடுப்பாங்க. ஒரு பழைய பக்கெட்டு போதுமுங்க, கேரி பேக் வேண்டாம். பேப்பர், பிளாஸ்டிக், பாட்டில், அட்டை இதெல்லாம் நாறாது. ஒரு சாக்குல சேத்து வெச்சிருந்து புதன்கிழமை குடுங்க. ஞாயித்துக்கிழமை வண்டி வராதுங்க. அன்னிக்குக் கறிக் குழம்புன்னு எங்களுக்கும் தெரியும். மூடி போட்டு வெச்சிருங்க, திங்கக்கிழமை விடிய எடுத்துக்குவாங்க.

பொம்பளைங்க உபயோகிக்கிற நாப்கின், குழந்தைங்க டயாப்பர், இதைச் சொல்றதுல வெக்கப்பட ஒண்ணுமில்லீங்க. நியூஸ் பேப்பர்ல சுத்தி, மேல செவப்புப் பேனாவுல ஒரு புள்ளி வெச்சுத் தனியாக் குடுங்க. பிரிச்சுப் பாக்காம அப்படியே எடுத்துக்குவாங்க. பிளேடு, ஒடஞ்ச பல்பு, ஊசி, காலாவதி மாத்திரை இதுக்கெல்லாம் ஒரு டப்பா. மாசத்துல முதல் சனிக்கிழமை குடுத்தாப் போதும். சோத்துக்குள்ள பிளேடு கெடந்தா, கை கிழியறது நம்ம அக்காவுக்குத்தானுங்க.

வீட்ல பிசிர் வெட்டறவங்க, பவர் டேபிள் போட்டிருக்கிறவங்க, கட்டிங் வேஸ்ட்டைக் குப்பையில சேக்காதீங்க. நனையாம வெச்சிருந்தா அதுக்குக் கிலோ கணக்குல காசு. ஒரு தடவை ரசம் பட்டா வெறும் குப்பை.

நைட் ஷிஃப்ட் பாத்துட்டு தூங்கறவங்க எந்திரிக்க வேண்டாமுங்க. மூடி போட்ட பக்கெட்டைக் கேட்டுக்கு உள்பக்கம் வெச்சிருங்க.

ஒரு நாள் வண்டி வரலீன்னா போர்டுல இருக்கிற நம்பருக்கு போன் பண்ணுங்க. தெருமுனையில மட்டும் போட்டறாதீங்க. இனி நீங்க கேளுங்க, நான் சொல்றேன்."

அவ்வளவுதான். நேரத்தை முதலில் சொல்லியாயிற்று. அபராதம் என்ற வார்த்தை இல்லை. விதி என்ற வார்த்தையும் இல்லை. ஆனால் விதி உள்ளே இருக்கிறது. 2016 விதிகள் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. 2026 ஏப்ரல் 1 முதல் அமலான புதிய விதிகள் நாலாகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரமானது, உலர்ந்தது, நாப்கின் வகை, தனிக் கவனம் வேண்டிய பல்பு-மருந்து வகை. பேச்சில் வந்த பக்கெட்டு, சாக்கு, சிவப்புப் புள்ளி, டப்பா நாலும் அவைதான். சிவப்புப் புள்ளி என் மூளையில் உதித்ததல்ல. புனேயில் 'ஸ்வச்' என்று குப்பை சேகரிப்பவர்களின் கூட்டுறவு அமைப்பு ஒன்று இருக்கிறது. அவர்கள் கேட்டுப் பரவிய பழக்கம் அது.

விசிலுக்கும் முன்னோடி உண்டு. தைவானில் குப்பை லாரி பீத்தோவன் இசையை ஒலித்துக்கொண்டு வரும். கேட்டதும் ஜனங்கள் பையோடு வெளியே வருவார்கள். நமக்கு விசிலே போதும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் இருக்கிற தம்பிகளுக்கும் விசில் புரியும். அவர்களுக்காக ஒரு அட்டையில் பக்கெட், சாக்கு, புள்ளி வைத்த பொட்டலம், டப்பா என்று நாலு படம் வரைந்து, இந்தியில் கிழமையையும் நேரத்தையும் எழுதி ஒட்டச் சொன்னேன்.

இத்தனை பாடு எதற்கு? பிரிக்காத குப்பை எங்காவது ஒரு குழிக்குத்தான் போகும். திருப்பூரைச் சுற்றிக் கல் வெட்டி முடித்த பாறைக்குழிகள் நிறைய. மாநகராட்சிக் குப்பையை முதலிபாளையம் பாறைக்குழியில் கொட்டுவதை எதிர்த்து 2025-ல் அந்த ஊர் மக்கள் போராடினார்கள். ஒருவர் வீட்டுக் குப்பை இன்னொருவர் கிணற்றுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது என்பதுதான் விஷயம்.

பேச்சு பலித்ததா என்று தெரிந்துகொள்ள கைதட்டலை நம்ப வேண்டாம். மூன்றாவது வாரம், காலை ஒன்பது மணிக்குத் தெருமுனைக் குவியலைப் போய்ப் பாருங்கள். டாக்டர் நாக்கைப் பார்க்கிற மாதிரி.

முடிச்சுப் போட்ட கேரி பேக்கில் சோறு கிடந்தால், யாரோ சிலருக்கு இன்னமும் நேரம் ஒத்துவரவில்லை. வண்டியின் வரிசையை மாற்றுங்கள். துணித் துண்டுகள் கிடந்தால் அது வீட்டுக் குப்பையே இல்லை. பக்கத்தில் ஏதோ ஒரு யூனிட் கொட்டுகிறது, போய்ப் பேசுங்கள். பழைய மெத்தை, உடைந்த டைல்ஸ் கிடந்தால் தினசரி வண்டியால் ஆகாது. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். மூன்றுக்கும் ஒரே போர்டு, 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று வைத்தால், கொட்டுகிறவருக்கு இடம் தேடுகிற சிரமம்தான் மிச்சம்.