"பேசப்பட்டது" என்றால் தீர்மானம் ஆகாது

தோட்டக் கமிட்டிக் கூட்ட அறிக்கையில் "கொழுந்து நிறுவை பற்றிப் பேசப்பட்டது, எல்லோரும் ஏற்றுக்கொண்டனர்" என்று எழுதும் வழக்கத்தை நாம் விடவேண்டும். "யார் கேட்டது, என்ன கேட்டது?" என்று துரை திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இராது.

யார், எதை, எப்போதிலிருந்து செய்யவேண்டும் என்பது பிரேரணையிலேயே இருக்கட்டும். உதாரணமாக: "சாக்குக்கென 2 கிலோ கழிப்பதை நிர்வாகம் மார்ச் 1 முதல் கைவிட்டு, வெறும் சாக்கின் எடையை மட்டும் கழிக்கவேண்டும் என இக்கூட்டம் கோருகிறது." யாராவது திருத்தம் சொன்னால், திருத்திய வசனத்தை வாசித்துக் காட்டிய பிறகே கை உயர்த்தச் சொல்லவேண்டும்.

பிரேரித்தவரும் ஆமோதித்தவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கவேண்டும். தோட்டத்தில் நாலு லெட்சுமிகள் இருப்பார்கள். ஆகவே தகப்பன் பெயரையும், மேற்கணக்கா கீழ்க்கணக்கா என்பதையும் சேர்த்து எழுதுவோம்.

வாக்கை இப்படிப் பதியலாம்: வந்தவர் 47, ஆதரவு 38, எதிர்ப்பு 5, வாக்களிக்காதோர் 4, பிரேரணை நிறைவேறியது. பின் மூன்றையும் கூட்டினால் 47 வரவேண்டும். வராவிட்டால், கூட்டம் கலையுமுன் மறுபடி எண்ணவேண்டும்.

எதிர்ப்பை எழுதினால் ஒற்றுமை குலையும் என்பார்கள் சிலர். நாம் அப்படி நினைக்கவில்லை. ஒருவர் "நான் ஒப்பவில்லை" என்றாலே "எல்லோரும்" பொய்யாகிவிடும். 38 என்ற கணக்கு அப்போதும் நிற்கும்.